ஜீன்ஸ் ஏன் அப்படி வெளுக்கிறது? டெனிம் நெசவும் இண்டிகோ வளையமும்: கேள்வி பதில்

சட்டை வெளுத்தால் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் மங்குகிறது. ஜீன்ஸ் மட்டும் தொடையில் வெளுத்து, ஓரத்தில் கருநீலமாகவே நிற்கிறதே, ஏன்?

டெனிமின் நீல நூல் உள்ளே வெள்ளை. சாயம் நூலின் மேல்தோலில் ஒரு வளையமாக மட்டும் பிடித்திருக்கிறது; நடுப்பகுதி பஞ்சு நிறத்திலேயே இருக்கிறது. உரசல் படும் இடத்தில் தோல் தேய்ந்து உள்வெள்ளை வெளியே வருகிறது. உரசல் படாத இடத்தில் தோல் அப்படியே இருக்கிறது.

சாதாரணப் பருத்திச் சட்டைக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம் போடுவார்கள். அது இழையின் உட்புறம் வரை ஊறி, பருத்தியோடு வேதிப் பிணைப்பு கொண்டுவிடும். அந்தச் சட்டையை எவ்வளவு தேய்த்தாலும், தேய்ந்த தோலுக்கு அடியிலும் அதே நிறம்தான் இருக்கும். டெனிமில் அடியில் வேறு நிறம் காத்திருக்கிறது. ஜீன்ஸ் வெளுப்பது பற்றிய மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கிறது.

நூலின் உள்ளே வெள்ளை என்பதை நானே பார்க்க முடியுமா?

ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். நீளம் குறைக்க வெட்டிய ஜீன்ஸ் கால்துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுவாயில் ஊசிமுனையால் நெருடி, நெடுக்காக ஓடும் நீல நூல் ஒன்றை நான்கு விரற்கடை நீளத்துக்கு உருவுங்கள். இரு முனையையும் பிடித்து முறுக்குக்கு எதிர்த் திசையில் திருப்பினால் நூல் பிரிந்து பஞ்சாகும். அப்போது நடுவிலிருந்து வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கும்.

கூர்மையான பிளேடால் நூலைக் குறுக்கே நறுக்கி, வெட்டுமுகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் இன்னும் தெளிவு. வெள்ளைப் புள்ளி ஒன்றைச் சுற்றி நீல வட்டம் இருக்கும். ஆலையின் ஆய்வகத்தில் நான் முதன்முதலாக அதைப் பார்த்த நாளில், இத்தனை காலம் உடுத்திய துணியை அன்றைக்குத்தான் பார்த்ததுபோல் இருந்தது.

அளவையும் ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொள்ளலாம். கனமான டெனிமுக்குப் போகும் 7-ஆம் எண் நூலின் விட்டம் ஏறத்தாழ 0.34 மில்லிமீட்டர். சாயம் அந்த விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு ஆழம் இறங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 0.034 மில்லிமீட்டர், அதாவது இரண்டு பருத்தி இழைகளின் தடிமன் அளவு. வெட்டுமுகத்தின் பரப்பைக் கணக்கிட்டால் நூலின் 64 சதவீதம் வெள்ளையாகவே இருக்கும். முழுக் கருநீலமாகத் தெரியும் துணியில் பாதிக்கும் மேல் சாயம் தொடாத பஞ்சு!

வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் வெள்ளை. ஒரே துணிதானே?

ஒரே துணிதான், ஆனால் அதில் இரண்டு விதமான நூல் இருக்கிறது. நெடுக்காக ஓடும் பாவு நூலுக்கு மட்டும் சாயம் போடுகிறார்கள். குறுக்கே போகும் ஊடை நூல் சாயமே காணாதது.

சாதா நெசவில் பாவு ஓர் ஊடைக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று மாறி மாறிப் போகும். அப்படி நெய்தால் இரு பக்கமும் வெளிர்நீலமாகவே வரும். டெனிமை ட்வில் முறையில் நெய்கிறார்கள். வழக்கமானது மூன்றுக்கு ஒன்று: பாவு நூல் மூன்று ஊடைகளுக்கு மேலே போய், ஒன்றுக்குக் கீழே இறங்கி, மறுபடி மேலே வருகிறது. அதனால் சந்திப்புகளில் முக்கால் பங்கில் நீலப் பாவுதான் மேலே நிற்கிறது. உள்பக்கத்தில் அந்தக் கணக்கு தலைகீழ்.

பக்கத்துப் பாவு நூலும் அதையே செய்கிறது, ஆனால் ஓர் ஊடை தள்ளி. அதற்கடுத்தது இன்னும் ஓர் ஊடை தள்ளி. இந்தத் தள்ளல்தான் கண்ணுக்குச் சாய்கோடாகத் தெரிகிறது. பெரும்பாலான ஜீன்ஸில் அது இடக்கீழிலிருந்து வலமேலாக ஏறும்.

வெளுப்புக்கு இதில் முக்கியமானது, மூன்று ஊடைகளைத் தாண்டும் அந்த நீலத் துண்டு. அது துணியின் மட்டத்துக்கு மேலே சிறு பாலம்போல் வளைந்து நிற்கிறது. நாற்காலியோ, நம் கையோ முதலில் தொடுவது அந்தப் பாலத்தின் முதுகைத்தான். ஊடை நூல் பள்ளத்தில் ஒளிந்திருக்கிறது. ஆக, உரசல் விழும் இடத்தில் வளையச் சாயம் பூசிய நூலை நிறுத்தி வைப்பது நெசவுதான். வளையச் சாயத்தைச் சாதா நெசவில் போட்டாலும் துணி வெளுக்கும். ஆனால் இத்தனை வரிவரியாக வெளுக்காது.

இண்டிகோ மட்டும் ஏன் உள்ளே போகாமல் மேலேயே தங்குகிறது?

இண்டிகோ தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்க ஒரு வழிதான்: காரத்தில், ஆக்சிஜனை நீக்கி, நீலமற்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். சாயக்காரர்கள் இதற்குக் காஸ்டிக் சோடாவும், சுருக்கமாக ஹைட்ரோ என்று சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டும் சேர்ப்பார்கள். அப்போது தொட்டித் தண்ணீர் நீலமாக இருக்காது. மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். மேலே மட்டும் காற்றுப் பட்ட இடத்தில் செம்பு மினுக்கத்தோடு நீல நுரை மிதக்கும்.

இந்தக் கரைந்த வடிவத்துக்குப் பருத்திமேல் பெரிய ஒட்டுதல் கிடையாது. ஒருமுறை முக்கினால் வெளிர்நீலம்தான் கிடைக்கும். அதனால் முக்குவது, வெளியே எடுத்துக் காற்றில் விடுவது, மறுபடி முக்குவது என்று அடுக்கடுக்காக ஏற்ற வேண்டியிருக்கிறது. காற்றில் நூல் மஞ்சளிலிருந்து பச்சையாகி, பச்சையிலிருந்து நீலமாகும். நீலமானதும் சாயம் மறுபடி கரையாத துகளாகி, இருந்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும்.

முக்கும் நேரமோ மிகக் குறைவு. சாயம் நூலின் நடுவுக்கு நடந்து போவதற்குள் நூல் வெளியே வந்துவிடும். அடுத்த முக்கில் வரும் சாயமும் முன்னதன் அருகிலேயே மேலே படியும். வளையம் இப்படித்தான் உருவாகிறது. அது பருத்தியோடு பிணைப்புக் கொண்டதல்ல. இழைகளுக்குள் சிக்கி நிற்கும் துகள்.

ஆலையில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

கயிற்றுமுறைச் சாயமிடலை எடுத்துக்கொள்வோம். 300 முதல் 400 பாவு நூல்களைச் சேர்த்து ஒரு கயிறாக்கி, இப்படிப் பல கயிறுகளைப் பக்கம் பக்கமாக ஓட்டுவார்கள். முதலில் பஞ்சின் மெழுகும் அழுக்கும் போகக் கொதிநீரில் அலசுவார்கள். பிறகு தண்ணீரில் கழுவிப் பிழிந்த ஈரநூல் சாயத்தொட்டிக்குள் இறங்கும்.

நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்ளுங்கள். தொட்டிக்குள் 20 விநாடி இருக்க வேண்டுமானால் 10 மீட்டர் நூல் உள்ளே இருக்க வேண்டும். அடுத்து 90 விநாடி காற்றில் நீலமாக வேண்டுமானால் 45 மீட்டர் நூல் தலைக்கு மேலே உருளைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆறு முக்குக்கு இதை ஆறால் பெருக்கினால், காற்றில் மட்டும் 270 மீட்டர். டெனிம் சாயக்கூடங்கள் ஏன் அத்தனை உயரமும் நீளமுமாக இருக்கின்றன என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது.

காற்றுநேரம் குறைந்தால் சாயம் முழுதாக நீலமாவதற்குள் நூல் அடுத்த தொட்டிக்குப் போய்விடும். அங்கிருக்கும் ஹைட்ரோ, முன்பு ஏறிய சாயத்தையே கரைத்து எடுத்துவிடும். நூல் ஆழமாவதற்குப் பதிலாகத் திட்டுத்திட்டாக நிற்கும். மேல்உருளைகளில் ஓடும் நூல் அடுத்த தொட்டியின் வாயருகே வந்தும் பச்சை சாயலோடு இருந்தால், அதுவே அறிகுறி.

சாயம் முடிந்ததும் கயிறுகளைப் பிரித்து, கஞ்சி ஏற்றி, தறிக்கு அனுப்புவார்கள். புது ஜீன்ஸில் இருக்கும் விறைப்பில் பெரும்பங்கு அந்தக் கஞ்சி.

கடையில் ஒரே நிறத்தில் இரண்டு ஜீன்ஸ் வாங்கினேன். ஒன்று பளிச்சென்று வரிவரியாக வெளுத்தது. மற்றது சாம்பல் பூத்ததுபோல் மொத்தமாக மங்கிவிட்டது. துணியில் கோளாறா?

துணியில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் இரண்டாவதில் வளையம் சரியாக அமையவில்லை என்றுதான் சந்தேகிப்பேன். இதேபோல் ஒன்றை நேரில் பார்த்ததால் விரிவாகவே சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஆலை ஒன்றிலிருந்து போன துணி, தைத்து, செயற்கையாக வெளுக்க வைக்கும் சலவைக்கூடம் போனபின் புகாரோடு திரும்பி வந்தது. "கல்லோடு எவ்வளவு சுழற்றினாலும் வெள்ளை எழவில்லை, மந்தமாக இருக்கிறது" என்பது புகார். சலவை செய்யாத துணியைப் பழைய நல்ல துணியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நிறத்தில் வித்தியாசமே இல்லை. அங்கேதான் எல்லோரும் ஏமாறுவார்கள். மேல்தோலின் நிறம் உள்ளே இருப்பதைக் காட்டாது.

பிறகு இரண்டிலிருந்தும் பாவு நூலை உருவி நறுக்கினோம். நல்ல துணியில் வெள்ளை நடு தெளிவாக, ஓரம் கூர்மையாக இருந்தது. புகார்த் துணியில் நடுவும் வெளிர்நீலமாக இருந்தது. தோலுக்கும் நடுவுக்கும் எல்லையே இல்லை.

அந்த ஓட்டத்தின் பதிவேட்டைப் புரட்டியபோது காரணம் கிடைத்தது. தொட்டியின் பி.எச். அளவு 11-ஐ ஒட்டி இருக்க வேண்டியது, 12.5-ஐத் தாண்டிப் போயிருந்தது. காஸ்டிக் கூடுதலாக இறங்கியிருக்கிறது. பி.எச். 11 அருகில் கரைந்த இண்டிகோ மூலக்கூறில் பெரும்பகுதி ஒற்றை மின்சுமையோடு இருக்கும். அந்த நிலையில் அதற்குப் பருத்திமேல் ஒட்டுதல் சற்று அதிகம், மேலேயே பிடித்துக்கொள்ளும். காரம் ஏற ஏற இரட்டைச் சுமை கொண்ட வடிவம் கூடும். அது நன்றாகக் கரையும், ஒட்டுதல் குறையும்; அதனால் மேலே நிற்காமல் உள்ளே ஊர்ந்துவிடும்.

இன்னொரு வினையும் சேர்ந்துகொண்டது. சாயம் உள்ளே போனால் மேல்நிறம் வெளிறித் தெரியும். ஆபரேட்டர் அதைச் சாயம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னும் இண்டிகோ விட்டிருக்கிறார். இறுதியில் மேல்நிறம் சரியாக வந்தது. செலவான சாயம்தான் அதிகம். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத் திருத்தினார். மணிக்கொரு முறை பி.எச். பார்த்திருந்தால் அந்தத் துணி தப்பியிருக்கும்.

உங்கள் இரண்டு ஜீன்ஸின் கால்மடிப்பு உள்ளோரத்திலிருந்தும் ஒவ்வொரு நூல் உருவி நறுக்கிப் பாருங்கள். பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

தொடையில் விசிறி வரிகளும் முழங்காலுக்குப் பின்னால் தேன்கூடுபோன்ற வரிகளும் எப்படி வருகின்றன?

உட்காரும்போது துணி எங்கே மடிகிறதோ, அங்கே மேடும் பள்ளமும் உண்டாகின்றன. மேட்டின் உச்சி உரசும், பள்ளம் உரசாது. துணி விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் மடியும். அதே உச்சி நூறு முறை, ஆயிரம் முறை உரசும்போது அங்கு மட்டும் வளையம் தேய்ந்து வெள்ளைக் கோடாகிறது.

துணி மெத்தென்று ஆகிவிட்டால் மடிப்பு இடம் மாறிக்கொண்டே இருக்கும். உரசல் பரவலாக விழுந்து, வெளுப்பும் பரவலாகவே வரும். கஞ்சி போகாத ஜீன்ஸை நெடுநாள் உடுத்துகிறவர்களுக்குக் கோடுகள் கூர்மையாக விழுவதன் காரணம் இதுதான்.

சில ஜீன்ஸில் மேலிருந்து கீழாக மழைக்கோடுகள்போல் மெல்லிய வெள்ளை வரிகள் தெரிகின்றன. அவை மடிப்பினால் வருபவையா?

இல்லை, நூலினால். பாவு நூல் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்காது. தடித்த பகுதி துணியில் கூடுதலாகப் புடைத்து நிற்பதால் முதலில் தேயும். பாவு மேல்கீழாக ஓடுவதால் வெள்ளைக் கோடும் மேல்கீழாகவே விழும். முன்பு இது நூற்பின் குறையாக இருந்தது. இப்போது வேண்டுமென்றே தடிப்பும் மெலிவும் வைத்து நூற்கிறார்கள்.

புது ஜீன்ஸைச் சாயம் போகாமலிருக்க உப்பிலோ வினிகரிலோ ஊறவைக்கச் சொல்கிறார்கள். பலன் உண்டா?

கிடையாது. வேறு சில சாயங்களில் உப்பு, சாயமிடும் தொட்டியிலேயே, சாயத்தைப் பருத்தியை நோக்கித் தள்ள உதவுகிறது. இண்டிகோவோ ஏற்கெனவே கரையாத துகளாக மாறி, இழைகளில் சிக்கி நிற்கிறது. உப்பு பிடிக்க அங்கே எதுவும் இல்லை. வினிகருக்கும் இதே கதைதான்.

புது ஜீன்ஸ் வெள்ளைச் சட்டையிலும் சோபாவிலும் நீலம் ஒட்டுவது, சரியாகச் சிக்காத மேல்துகள்களால். ஈரமாக இருக்கும்போது இது அதிகம். ஓரிரு முறை குளிர்நீரில் தனியாக அலசினால் பெருமளவு குறையும். முழுதாக நிற்காது. உரசினால் போவது இந்தச் சாயத்தின் இயல்பு.

ஆறு மாதம் துவைக்கவே கூடாது என்கிறார்களே?

துவைக்கும்போது தண்ணீரும் சுழற்சியும் துணி முழுவதிலிருந்தும் சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும்; பள்ளத்திலிருந்த கருநீலமும் மங்கும். உடுத்துவது மேட்டை மட்டும் தேய்க்கும். முதலில் நெடுநாள் உடுத்திவிட்டுப் பிறகு துவைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும் என்பது உண்மைதான்.

ஆனால் நம் வெயிலில் இந்த அறிவுரையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வியர்வையும் புழுதியும் சேர்ந்து தொடை இடுக்கில் நூலை அறுக்கும். வெளுப்பு அழகாக வருமுன் துணி அங்கே கிழிந்துவிடும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்நீரில், ப்ளீச் கலக்காத சோப்பில் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். கோடுகள் சற்று மென்மையாக விழும், அவ்வளவுதான்.

கடையிலேயே வெளுத்து வரும் ஜீன்ஸ் எப்படிச் செய்யப்படுகிறது?

நம் உடம்பு பல மாதங்களில் செய்வதை இயந்திரத்தில் சில மணி நேரத்துக்குள் செய்கிறார்கள். ஒரு வழி, எரிமலை நுரைக்கல்லோடு சுழற்றி மேல்தோலை உரசுவது. இன்னொன்று செல்லுலேஸ் என்சைம்: அது சாயத்தைத் தொடுவதில்லை, சாயம் ஒட்டியிருக்கும் மேல்இழையைத் தின்கிறது, இழை உதிரும்போது சாயமும் கூடவே உதிர்கிறது. லேசர் மேல்தோலைச் சுட்டு எடுக்கிறது.

இங்கே நேரும் கோளாறு, உதிர்ந்த இண்டிகோ திரும்பவும் வெள்ளை ஊடையில் படிவது. ஜீன்ஸின் உள்பக்கத்தையும், பாக்கெட் துணியையும் பாருங்கள். அவை நீலம் பூத்திருந்தால் சலவைக்கூடத்தில் தண்ணீரை மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அல்லது அமிலநிலையில் வேலை செய்யும் என்சைமைச் சரியான துணைப்பொருள் இல்லாமல் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

மணலைப் பீய்ச்சி வெளுக்கும் முறையும் இருந்தது. அந்தத் தூசியைச் சுவாசித்த துருக்கித் தொழிலாளர்கள் பலர் சிலிக்கோசிஸ் நோயால் மாண்டார்கள். அந்த நாடு 2009-இல் அதைத் தடைசெய்தது. இந்த வேலையைப் பற்றிப் பேசும்போது அவர்களைச் சொல்லாமல் விட என்னால் முடியாது.

அலமாரியில் மடித்து வைத்திருந்த ஜீன்ஸின் மடிப்பில் மஞ்சள் கோடு விழுந்திருக்கிறது. துவைத்தும் போகவில்லை.

காற்றிலுள்ள ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் இண்டிகோவை உடைத்து, ஐசாட்டின் என்ற மஞ்சள் பொருளாக்கிவிடும். மடிப்பின் விளிம்புதான் காற்றுக்குத் திறந்திருப்பதால் கோடு அங்கே விழுகிறது. மஞ்சள் கறை கொஞ்சம் போகலாம். அழிந்த நீலம் திரும்பாது. நெடுநாள் வைப்பதானால் பையில் இட்டு மூடி வையுங்கள்.

இயற்கை இண்டிகோ போட்டது வேறு மாதிரி வெளுக்குமா?

மூலக்கூறு ஒன்றுதான். அவுரிச் செடியிலிருந்து எடுத்தாலும், 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். விற்பனைக்குக் கொண்டுவந்த செயற்கை இண்டிகோவானாலும், நூலில் நிற்பது அதே நீலம். இயற்கைச் சாயத்தில் வேறு சில பொருள்களும் கலந்திருப்பதால் நிறச்சாயல் சற்று மாறலாம். வெளுப்பைத் தீர்மானிப்பது வளையத்தின் ஆழம். நம் திண்டிவனம் வட்டாரத்து அவுரி நீலத்தைக் கைத்தொட்டியில் நீண்ட நேரம் ஊறவைத்துச் சாயமேற்றினால் வளையம் தடிக்கும். வெளுப்பும் மெதுவாக வரும்.

முழங்காலில் கிழியும்போது குறுக்கே வெள்ளை நூல்கள் மட்டும் கம்பிபோல் நிற்கின்றனவே. நீல நூல் எங்கே போனது?

தேய்ந்து அறுந்துவிட்டது. மூன்று ஊடைகளைத் தாண்டி மேலே நின்ற அந்தப் பாலம், முதலில் வளையத்தை இழந்தது. பிறகு வெள்ளை நடுவும் இழை இழையாகக் குறைந்து, ஒருநாள் அறுந்தது. பள்ளத்தில் ஒளிந்திருந்த ஊடைக்கு அவ்வளவு உரசல் படவில்லை, அதனால் தனியாக மிஞ்சி நிற்கிறது. ஒட்டுப்போட விரும்பினால் இந்த நிலை வரும்வரை காத்திருக்க வேண்டாம். முழங்காலில் சாய்கோடுகள் கண்ணுக்கு மறைந்து, தடவினால் வரிகள் தட்டுப்படாமல் வழவழப்பாகிவிட்டால், அந்த இடத்தில் பாலங்கள் தேய்ந்து முடிந்துவிட்டன. அப்போதே உள்பக்கம் துண்டு வைத்துத் தையுங்கள்.